காலில் ரத்தக்கட்டி சந்தேகம்: டாப்ளர் ஸ்கேனும் ரிப்போர்ட்டில் வரும் ‘கம்ப்ரெசிபிள்’ என்ற சொல்லும்

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, கெண்டைச்சதையில் வலி, தொட்டால் சூடு. ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்டு டாக்டர் டாப்ளர் ஸ்கேன் எழுதித் தருகிறார். கைக்கு வரும் ரிப்போர்ட்டில் ஏழெட்டுச் சிரைகளின் பெயர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கம்ப்ரெசிபிள்’ என்றோ ‘நான்-கம்ப்ரெசிபிள்’ என்றோ ஒரு சொல் இருக்கும். பரிசோதனையின் பெயரே டாப்ளர் என்பதால் வாங்கியவர்கள் கலர் படங்களைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். ஸ்கேன் அறையில் வேலை செய்கிற எங்களுக்கு முதலில் வேண்டியது அந்தச் சொல்தான். சிரையை அமுக்கினால் அமுங்குகிறதா என்பதிலேயே பாதிக்கு மேல் விஷயம் தெரிந்துவிடும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலரும் அலைப்படமும் அதற்குப் பக்கபலம்.

மேலே போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் வீக்கத்தோடு திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேனுக்கு வரிசையில் காத்திருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

அமுக்கிப் பார்ப்பதன் பொருள்

காலில் தமனியும் ஆழ்சிரையும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. தமனியின் சுவர் தடிமன், உள்ளே அழுத்தமும் அதிகம். சிரையின் சுவர் மெல்லியது, படுத்திருக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் மிகவும் குறைவு. அதனால் ப்ரோப் என்கிற, கையில் பிடிக்கும் ஸ்கேன் கருவியைத் தோலின் மேல் வைத்து லேசாக அமுக்கினாலே சிரை தட்டையாகிவிடும். தமனி அப்படியே வட்டமாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

திரையில் இது எப்படித் தெரியும் என்றால், காலைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போன்ற படத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள் இருக்கும். அமுக்கியதும் ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் மெல்லிய கோடாகி மறைந்துபோகும். கையைத் தளர்த்தினால் திரும்ப விரியும். மற்றொன்று மறையாது. மறைந்தது சிரை, மறையாதது தமனி. சிரைக்குள் கட்டி இருந்தால் அந்த வட்டமும் மறையாது, ஏனென்றால் உள்ளே சுவர்கள் ஒட்டிக்கொள்ள இடமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, புதிதாக உறைந்த ரத்தம் திரையில் ஓடும் ரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரியலாம். படத்தை மட்டும் பார்த்தால் சிரை சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். அமுக்கினால்தான் குட்டு வெளிப்படும். “உள்ளே ஒன்றும் தெரியவில்லை” என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் ஒவ்வொரு இடமாக அமுக்கிக்கொண்டே போவது இதற்காகத்தான்.

சரி, எவ்வளவு அமுக்க வேண்டும்? கிலோ கணக்கு எதுவும் இல்லை. பக்கத்திலிருக்கும் தமனிதான் அளவுகோல். தமனியின் வட்டம் லேசாக நசுங்கத் தொடங்கும் அளவுக்கு அமுக்கியும் சிரை திறந்தே இருந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தமனி சிறிதும் அசையாத அளவுக்கு மென்மையாக அமுக்கிவிட்டு ‘அமுங்கவில்லை’ என்று எழுதினால் அது செல்லாது. அதேபோல ‘முழுதாக அமுங்கியது’ என்று எழுத, முன்சுவரும் பின்சுவரும் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு முன்

எல்லாக் கால் வீக்கத்துக்கும் ஸ்கேன் தேவைப்படாது. வெல்ஸ் ஸ்கோர் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. காலில் மாவுக்கட்டு, அண்மையில் பெரிய அறுவைசிகிச்சை, புற்றுநோய், ஆழ்சிரை ஓடும் பாதையில் தொட்டால் வலி, ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருப்பது போன்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. வேறொரு நோய் அதே அளவுக்குச் சாத்தியம் என்றால் 2 புள்ளி கழியும். மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக ஸ்கேன். அதற்குக் கீழே இருந்தால் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை செய்து, அது நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் ஸ்கேன் இல்லாமலே விட்டுவிடலாம். டி-டைமர் பாசிட்டிவ் என்பதற்குக் கட்டி இருக்கிறது என்று பொருள் கிடையாது. கர்ப்பம், காய்ச்சல், அறுவைசிகிச்சை, முதுமை என எதிலும் அது கூடும்.

வெறும் வயிறு, மருந்தை நிறுத்துவது போன்ற தயாரிப்பு எதுவும் வேண்டாம். தொடை இடுக்கு வரை பார்க்க வேண்டியிருப்பதால் தளர்வான உடை போதும். கட்டு, இறுக்கமான காலுறை இருந்தால் கழற்ற வேண்டும், கழற்ற முடியாவிட்டால் அந்த இடம் பார்க்கப்படவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.

ஸ்கேன் நடக்கும் வரிசை

முதலில் படுக்கும் நிலை. தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி மல்லாந்து படுக்கச் சொல்வோம். கால் பக்கம் தாழ்ந்திருந்தால் சிரைகளில் ரத்தம் நிறைந்து நன்றாகத் தெரியும். பார்க்கும் காலை வெளிப்பக்கம் சாய்த்து முழங்காலை லேசாக மடக்கினால் தொடையின் உட்புறமும் முழங்காலின் பின்புறமும் கைக்கு எட்டும்.

பிறகு தொடை இடுக்கில் தொடங்குவோம். அங்கே இருப்பது காமன் ஃபெமரல் சிரை. மேல்தோலுக்கு அடியில் ஓடிவரும் கிரேட் சஃபீனஸ் சிரை அதில் வந்து சேரும் இடமும் அங்கேதான். இரண்டையும் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சற்றுக் கீழே வந்தால் ஆழமாகப் போகும் கிளையும் ஃபெமரல் சிரையும் பிரியும். அங்கிருந்து முழங்கால் வரை ஏறக்குறைய 2 செ.மீ.க்கு ஒருமுறை அமுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். அமுக்குவது எப்போதும் குறுக்குவெட்டுப் படத்தில்தான். நீளவாக்கில் பார்த்து அமுக்கினால் ப்ரோப் சிரையை விட்டுப் பக்கவாட்டில் நழுவும், சிரை திரையிலிருந்து காணாமல் போகும், அமுங்கிவிட்டது என்று ஏமாந்துவிடுவோம்.

தொடையின் கீழ்ப்பகுதியில் சிரை தசைகளுக்கு நடுவே ஆழமாகப் போகும். எனக்குத் தெரிந்து அதிகம் தகராறு பண்ணுகிற இடம் இதுதான். மேலிருந்து எவ்வளவு அமுக்கினாலும் சிரை சரியாக மடங்காது. மற்றொரு கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, ப்ரோபை நோக்கி மேலே தள்ளினால் மடங்கிவிடும். இதைச் செய்யாமலே ‘பார்ஷியலி கம்ப்ரெசிபிள்’ என்று எழுதிவிட்டால், கட்டியே இல்லாதவர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடத் தொடங்கிவிடுவார்.

அடுத்தது முழங்காலின் பின்பக்கம், பாப்லிட்டியல் சிரை. பின்னாலிருந்து பார்க்கும்போது சிரை தோலுக்கு அருகிலும் தமனி அதற்கு உள்ளேயும் இருக்கும். இங்கே பிரச்சினை தலைகீழ். ப்ரோபை வைக்கும் கனத்திலேயே சிரை மடங்கிப்போய்க் கண்ணில் படாமல் போகலாம். மிக லேசாக வைத்து முதலில் சிரையைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் அமுக்க வேண்டும்.

கடைசியாகக் கெண்டைக்கால். போஸ்டீரியர் டிபியல், பெரோனியல் என்று இரண்டு தொகுதி. ஒவ்வொன்றிலும் பொதுவாக ஒரு தமனிக்கு இரண்டு சிரைகள். தசைக்குள்ளேயே ஓடும் காஸ்ட்ரோக்னீமியஸ், சோலியல் சிரைகளும் உண்டு. எல்லாம் சிறியவை. கால் நிறைய நீர் கோத்திருந்தால் சிரமப்பட்டுத்தான் தெரியும். எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தைத் தனியாகப் பார்ப்பது நல்ல பழக்கம். கெண்டைக்காலில் இந்தப் பரிசோதனையின் துல்லியம் தொடையில் இருப்பதைவிடக் கணிசமாகக் குறைவு என்பதையும் மனதில் வையுங்கள்.

இவ்வளவு அமுக்கினால் கட்டி பிய்த்துக்கொண்டு போய்விடாதா என்று பலரும் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் இந்த லேசான அழுத்தத்தில் அப்படி நடப்பது மிக மிக அரிது. கட்டி ஒரு இடத்தில் தெரிந்துவிட்டால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டியதில்லை. ஒரு முனை மட்டும் சுவரோடு ஒட்டி, மறுமுனை ரத்தத்தில் ஆடிக்கொண்டிருப்பது தெரிந்தால் அங்கே அமுக்குவதையும் கெண்டைச்சதையைப் பிழிவதையும் நிறுத்திவிட வேண்டும்.

டாப்ளர் எங்கே உதவுகிறது

இடுப்பு எலும்புக்குள் இருக்கும் இலியாக் சிரைகளை அமுக்கிப் பார்க்க முடியாது. அங்கே கட்டி இருந்தால்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் தொடை இடுக்கில் டாப்ளர் அலைப்படம் எடுக்கிறோம். சாதாரணமாக இந்த அலை மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ரிப்போர்ட்டில் ‘ஃபேசிக்’ என்பது இதைத்தான். மேலே அடைப்பு இருந்தால் அலை ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே மட்டமாக ஓடும். அதற்குக் ‘கன்டினியுவஸ்’ அல்லது ‘மோனோஃபேசிக்’ என்று எழுதுவார்கள். ஒரு காலில் மட்டும்தான் தொந்தரவு என்றாலும் மறுகாலின் தொடை இடுக்கிலும் அலைப்படம் எடுப்பது ஒப்பிடுவதற்காக.

காலின் எல்லாச் சிரைகளும் நன்றாக அமுங்குகின்றன, ஆனால் தொடை முழுக்க வீங்கியிருக்கிறது, அந்தப் பக்க அலை மட்டும் தட்டையாக ஓடுகிறது என்றால் ‘டிவிடி இல்லை’, அதாவது ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இல்லை, என்ற முடிவோடு நிற்கக் கூடாது. கர்ப்பிணிகளில், அதிலும் இடது காலில், இப்படி இடுப்புக்குள் கட்டி ஒளிந்திருப்பது உண்டு. அவர்களுக்கு எம்ஆர் வெனோகிராம் போன்ற அடுத்த பரிசோதனை தேவைப்படலாம்.

‘ஆக்மென்டேஷன்’ என்பது கெண்டைச்சதையைப் பிழியும்போது மேலே ரத்த ஓட்டம் சட்டென்று கூடுகிறதா என்று பார்ப்பது. ‘ரிஃப்ளக்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது வால்வு கசிவு, ரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறது. அதற்கும் கட்டிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ரிப்போர்ட்டில் ரிஃப்ளக்ஸ் என்று பார்த்துவிட்டுக் கட்டி என்று பயந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு மாதிரி ரிப்போர்ட்டைப் படிப்போம்

48 வயது ஆண். இடது கணுக்கால் முறிவுக்கு மாவுக்கட்டு போட்டு, பிரித்து ஒரு வாரம் ஆகிறது. இடது கெண்டைக்கால் வலதைவிட 4 செ.மீ. பருத்திருக்கிறது, நடுவில் அழுத்தினால் வலி. மாவுக்கட்டுக்கு 1, பருமனுக்கு 1, வலிக்கு 1 என வெல்ஸ் ஸ்கோர் 3. எனவே நேராக ஸ்கேன். ரிப்போர்ட்டின் சாரம் இப்படி:

காமன் ஃபெமரல், ஃபெமரல் சிரைகள்: ஃபுல்லி கம்ப்ரெசிபிள், அலை ஃபேசிக், வலது பக்கமும் அப்படியே.
பாப்லிட்டியல் சிரை: விரிந்திருக்கிறது, உள்ளே மங்கலான எதிரொலி, பார்ஷியலி கம்ப்ரெசிபிள், ஓரத்தில் மட்டும் கலர்.
போஸ்டீரியர் டிபியல், பெரோனியல் சிரைகள்: நான்-கம்ப்ரெசிபிள், கலர் இல்லை.
கிரேட் சஃபீனஸ் சிரை: கம்ப்ரெசிபிள்.

கெண்டைக்காலில் கட்டி சிரையை முழுதாக அடைத்திருக்கிறது. அங்கிருந்து முழங்காலின் பின்பக்கம் வரை ஏறியிருக்கிறது, ஆனால் அங்கே இன்னும் முழுதாக அடைக்கவில்லை, ஓரமாக ரத்தம் போகிறது. தொடையில் கட்டி இல்லை. தொடை இடுக்கில் அலை இரு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குவதால் இடுப்புக்குள்ளும் பெரிய அடைப்பு இருப்பதற்கான அறிகுறி இல்லை.

இதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ‘பார்ஷியலி’ என்ற சொல். பாதிதான் அடைப்பு, எனவே பாதி ஆபத்து என்று கணக்குப் போடக் கூடாது. சிரையின் சுவர்கள் ஒட்டவில்லை என்றாலே அது அசாதாரணம். சிரை விரிந்தும் கட்டி மெத்தென்றும் இருப்பதால் இது புதியது என்று கொள்கிறார்கள். பாப்லிட்டியலும் அதற்கு மேலே உள்ள ஆழ்சிரைகளும் மேற்பகுதி என்ற கணக்கில் வருவதால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உடனே தொடங்கி, தடை ஏதும் இல்லாவிட்டால் குறைந்தது 3 மாதம் தருவது வழக்கம். பாப்லிட்டியல் முழுதாக அமுங்கி, கெண்டைக்கால் சிரைகள் மட்டும் அமுங்காமல் இருந்திருந்தால் பேச்சு மாறியிருக்கும். வலி அதிகமில்லை, கட்டி வளர்வதற்கான காரணங்களும் இல்லை என்றால், மருந்து இல்லாமல் 1 வாரத்திலும் 2 வாரத்திலும் திரும்ப ஸ்கேன் செய்து, கட்டி மேலே ஏறுகிறதா என்று பார்க்கும் வழியும் உண்டு. ஆகவே எந்தச் சிரைக்கு எதிரே அந்தச் சொல் இருக்கிறது என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஃபெமரல் சிரையைப் பழைய வழக்கப்படி ‘சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல்’ என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். சூப்பர்ஃபிஷியல் என்பதால் தோலுக்கடியில் உள்ள சாதாரணச் சிரை என்று நினைத்து மருந்து தராமல் விட்டுவிடும் ஆபத்து உண்மையாகவே உண்டு. அது ஆழ்சிரைதான். இன்னொரு பக்கம், கிரேட் சஃபீனஸ் உண்மையிலேயே மேல்சிரை. ஆனால் அதில் உள்ள கட்டி, ஆழ்சிரையோடு சேரும் இடத்திலிருந்து 3 செ.மீ.க்குள் வந்துவிட்டால் ஆழ்சிரைக் கட்டி போலவே சிகிச்சை தருவார்கள். எனவே அந்தத் தூரத்தை ரிப்போர்ட்டில் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கே தவறு நேரும்

கட்டி இல்லாமலே அமுங்காமல் போவதற்கு உடல் பருமன், அதிக வீக்கம், வலியால் அமுக்க விடாதது, மூச்சை அடக்கி முக்குவது, இடுப்பில் பெரிய சதைக்கட்டி மேலிருந்து அழுத்துவது எல்லாம் காரணமாகலாம். தொடை இடுக்கில் ஒரு நெறிக்கட்டியைப் பார்த்து அதுவே கட்டி நிறைந்த சிரை என்று ஏமாறுவதும் உண்டு. ப்ரோபைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். சிரை குழாயாக நீளும், நெறிக்கட்டி அங்கேயே முடிந்துவிடும்.

கட்டி இருந்தும் தவறவிடுவதற்கு எனக்குத் தெரிந்த மோசமான காரணம் இரட்டைச் சிரை. ஃபெமரலும் பாப்லிட்டியலும் சிலருக்கு இரண்டிரண்டாக ஓடும். ஒன்று அழகாக அமுங்கும், பக்கத்தில் கட்டியோடு இருக்கும் மற்றொன்றைப் பார்க்காமலே விட்டுவிடுவோம். தமனியின் இருபுறமும் தேடுவதுதான் தற்காப்பு.

சரி, எல்லாம் ‘கம்ப்ரெசிபிள்’ என்று வந்துவிட்டது, நிம்மதியாக இருக்கலாமா? காலில் எவ்வளவு தூரம் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. தொடை இடுக்கிலும் முழங்காலின் பின்னாலும் மட்டும் அமுக்கிப் பார்க்கும் சுருக்கமான முறை அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வழக்கம். அது நெகட்டிவ் என்றாலும் கெண்டைக்காலில் கட்டி இருந்து பிறகு மேலே ஏறலாம். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் சுமார் ஒரு வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். கணுக்கால் வரை முழுதாகப் பார்த்த ஸ்கேன் நெகட்டிவ் என்றால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பத் தேவையில்லை, வலியோ வீக்கமோ கூடினால் ஒழிய. ‘கெண்டைக்கால் சிரைகள் சரியாகத் தெரியவில்லை’ என்ற வரி எங்காவது சின்னதாக இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது முழு ஸ்கேன் கணக்கில் வராது.

ஸ்கேனில் வேறு காரணம் கிடைப்பதும் நல்லதுதான். முழங்காலின் பின்னால் பேக்கர் சிஸ்ட் என்ற நீர்ப்பை உடைந்து நீர் கெண்டைக்காலுக்கு இறங்கினால் அது ரத்தக்கட்டியைப் போலவே வலித்து வீங்கும். தசைக்குள் ரத்தக் கசிவும் அப்படித்தான். அந்த நிலையில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் கசிவு கூடும்.

சிகிச்சைக்குப் பிறகும் அமுங்கவில்லை என்றால்

மூன்று மாதம் மருந்து சாப்பிட்டாயிற்று, திரும்ப ஸ்கேன் எடுத்தால் ‘பார்ஷியலி கம்ப்ரெசிபிள்’ என்றே வருகிறது. மருந்து வேலை செய்யவில்லையா என்று கேட்டு வருகிறவர்கள் ஏராளம். மருந்தின் வேலை கட்டி வளராமலும் புதிதாக உறையாமலும் பார்த்துக்கொள்வது. இருக்கும் கட்டியைக் கரைப்பது உடலின் வேலை, அது மெதுவாகத்தான் நடக்கும். பலருக்குச் சிரைக்குள் தழும்பு போலத் திசு மிஞ்சி, சுவர் தடித்து, குறுக்கே இழைகள் ஓடி, வருடக்கணக்கில் முழுதாக அமுங்காமலே இருக்கும். இப்படிப்பட்ட சிரை விரிந்திருக்காது, சுருங்கியிருக்கும், உள்ளே இருப்பது வெளிர்நிறமாகக் கெட்டியாகத் தெரியும். இதைப் பழைய கட்டி என்று எழுதாமல் ‘பழைய கட்டியின் தழும்பு மாற்றம்’ என்ற பொருள்படும் சொல்லால் எழுத வேண்டும் என்று 2018-இல் அமெரிக்க அல்ட்ராசவுண்ட் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. கட்டி என்று எழுதினால் பார்க்கும் டாக்டர் மருந்தை நீட்டிக்கொண்டே போவார்.

பின்னால் அதே காலில் மறுபடி வலியும் வீக்கமும் வந்தால் புதுக் கட்டியா, பழைய தழும்பா என்று பிரிப்பது கடினம். முன்பு நன்றாக அமுங்கிய ஒரு சிரை இப்போது அமுங்கவில்லை என்றால் அது புதுசு. பழைய இடத்திலேயே என்றால், முழுதாக அமுக்கிய நிலையில் சிரையின் குறுக்களவை முந்தைய அளவோடு ஒப்பிடுவோம். 4 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் புதிய கட்டிக்கே சாய்வோம். 2 மி.மீ.க்கும் குறைவான மாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. நடுவில் இருந்தால் சில நாள் கழித்துத் திரும்ப அளப்போம். இந்த ஒப்பீட்டுக்கு முந்தைய அளவு என்று ஒன்று இருந்தாக வேண்டும். எனவே மருந்தை நிறுத்தப்போகும் சமயத்தில், வலி எதுவும் இல்லாவிட்டாலும், ஒரு ஸ்கேன் எடுத்து, எந்தச் சிரை எங்கே எத்தனை மி.மீ.க்கு அமுங்கியது என்று எண்ணில் எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த ஸ்கேன் மையத்துக்குப் போனாலும் அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.